ஜெர்க்கி, உப்புக்கண்டம், ஹாம்: எது எத்தனை நாள் தாங்கும், ஏன்?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்மித்ஃபீல்டு என்று ஒரு சின்ன ஊர். அங்குள்ள அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பன்றித் தொடை இருக்கிறது. 1902இல் உப்புப் போட்டுப் பதப்படுத்தியது. கிடங்கின் உத்தரத்தில் தொங்கவிட்டதை அப்படியே மறந்துவிட்டார்கள், வருடங்கள் கழித்துக் கண்டெடுத்தபோது கெடாமல் இருந்ததாம், உடனே அந்தக் கம்பெனிக்காரர் அதற்குப் பித்தளைக் கழுத்துப்பட்டி மாட்டி விளம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு திரிந்தார். நூறு வருடம் தாண்டியும் அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, கருத்துச் சுருங்கி, பழைய தோல் செருப்பு மாதிரி.

அதே மாநிலத்தில் சூப்பர்மார்க்கெட்டில் நான் வாங்கிய ஹாம், பாக்கெட்டைப் பிரித்து ஒரு வாரத்தில் கொழகொழத்துப் போனது. இரண்டுக்கும் பெயர் ஹாம்தான். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. “உப்புப் போட்ட கறிதானே, வெளியிலேயே இருக்கட்டும்” என்று ஒன்றுக்குப் பொருந்துவதை இன்னொன்றுக்குச் செய்கிறோம். அதனால் முதலில் கையில் இருப்பது எந்த வகை என்று கண்டுபிடிப்போம், அப்புறம் ஜெர்க்கியை, அதாவது கீற்றாக வெட்டிக் காயவைத்த கறியை, வீட்டில் செய்வதை ஒரு கிலோ கறியை வைத்து முழுசாகப் பார்ப்போம், கடைசியில் எதை எங்கே எத்தனை நாள் வைக்கலாம் என்பது.

முதல் படி: கெடாமல் இருப்பது எதனால் என்று பாருங்கள்

கறியைக் கெடுப்பது கிருமி, கிருமிக்குத் தேவை தண்ணீர். கறியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, கிருமி எடுத்துக்கொள்ளக்கூடிய நிலையில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு. உணவுத் துறையில் இதை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகச் சொல்வார்கள், தமிழில் நீர்ச் செயல்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். பச்சைக் கறி 0.99. அதை 0.85க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால், நம்மைப் படுக்கவைக்கும் பாக்டீரியாக்கள் எதுவும் அதில் பெருகாது. பூஞ்சணம் மட்டும் அதற்கும் கீழே கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கும்.

இந்த எண்ணைக் குறைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, தண்ணீரையே வெளியேற்றுவது. மெல்லிய கீற்றாக வெட்டிக் காயவைப்பது அதுதான், ஜெர்க்கி இந்த வகை. தென் அமெரிக்க மலைநாட்டு கெச்சுவா மொழியில் சார்க்கி என்றால் காய்ந்த கறி, ஜெர்க்கி என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். ஜெர்க்கியிலும் உப்பு இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் ருசிக்கு. காப்பாற்றுவது காய்ச்சல், அதாவது காய்ந்த தன்மை.

இன்னொரு வழி, தண்ணீர் உள்ளே இருக்கட்டும், ஆனால் கிருமிக்குக் கிடைக்காமல் உப்பை வைத்துக் கட்டிப்போடுவது. ஹாம் இந்த வழி. பன்றியின் பின்னந்தொடையை முழுதாக, எலும்போடு, உப்பில் புதைத்து வாரக்கணக்கில் குளிரில் வைத்து, அப்புறம் மாதக்கணக்கில் தொங்கவிடுவார்கள். அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் கன்ட்ரி ஹாம், இத்தாலியின் பார்மா ஹாம், ஸ்பெயினின் ஹமோன், சீனாவின் ஜின்ஹுவா எல்லாம் இந்தக் குடும்பம்தான். கன்ட்ரி ஹாம் என்று விற்க வேண்டுமானால், பச்சையாக இருந்த எடையில் குறைந்தது 18 சதவீதம் குறைந்திருக்க வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறையில் விதி இருக்கிறது. அதாவது 10 கிலோ தொடை 8.2 கிலோவுக்கு இறங்கினால் போதும். ஜெர்க்கியோ ஒரு கிலோ 400 கிராமாகிவிடும். ஹாமுக்குள் எவ்வளவு தண்ணீர் இன்னும் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். அதன் எண் 0.90ஐ ஒட்டித்தான் நிற்கும். வெட்டிய பிறகு அது ஏன் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும் என்பதற்கு விடை இந்த எண்ணில்தான் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

சரி, சூப்பர்மார்க்கெட் ஹாம்? அது இந்த இரண்டிலும் சேராது. உப்புத் தண்ணீரை ஊசியால் கறிக்குள் ஏற்றி, வேகவைத்து, உறையில் போட்டு விற்பது. எடை குறைவதற்குப் பதிலாகக் கூடவும் செய்யும். நைட்ரைட் போடுவதால் இளஞ்சிவப்பாக இருக்கும், ருசியிலும் ஹாம்தான், ஆனால் கெடுகிற விஷயத்தில் அது வெறும் வெந்த கறி. பாக்கெட்டில் “குளிரில் வைக்கவும்” என்று போட்டிருந்தால் நீங்கள் வைத்திருப்பது இதுதான். டப்பாவில் அடைத்த ஹாமிலும் இந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். டப்பா என்றாலே அலமாரியில் வைத்துவிடலாம் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

இரண்டாவது படி: கிருமியைக் கொல்வது யார் என்று கேளுங்கள்

இதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். தண்ணீர் இல்லாவிட்டால் கிருமி பெருகாது, அவ்வளவுதான். ஏற்கெனவே இருக்கிற கிருமி செத்துப்போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 1995இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் வீட்டில் செய்த மான்கறி ஜெர்க்கியைத் தின்று ஈ.கோலை தாக்கிப் பலர் படுத்தார்கள். கறி நன்றாகத்தான் காய்ந்திருந்தது.

நம் ஊர் உப்புக்கண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கறியை நீளமாக வெட்டி, உப்பு, மஞ்சள், மிளகாய் தடவி, நூலில் கோத்து, சித்திரை வெயிலில் மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். அந்த வெயில் கிருமியைக் கொல்கிற சூடு இல்லை. ஆனால் உப்புக்கண்டத்தை யாரும் அப்படியே கடித்துத் தின்பதில்லை, எண்ணெயில் பொரித்தோ குழம்பில் போட்டோதான் தின்கிறோம். கொல்கிற வேலை சாப்பிடும் நேரத்தில், வாணலியில் நடந்துவிடுகிறது. ஜெர்க்கிக்கு வாணலியே கிடையாது, பாக்கெட்டிலிருந்து நேரே வாய்க்கு. அதனால் அதைக் காயவைக்கும் முன்பே சூடுபடுத்தியாக வேண்டும். பார்மா ஹாமையும் பச்சையாகத்தான் தின்கிறார்கள், ஆனால் அங்கே ஒரு வருடத்துக்கு மேல் உப்பும் காலமும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. தென்னாப்பிரிக்காவின் காய்ந்த கறியான பில்டாங் வினிகரையும் உப்பையும் நம்பிச் சூடில்லாமல் காய்வது, உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் அவர்களுக்குப் பிடிக்கும், அதனால் ஜெர்க்கி அளவுக்குத் தாங்காது.

ஆகவே உப்புக்கண்டத்தின் கைப்பழக்கத்தை வைத்து ஜெர்க்கி செய்யாதீர்கள். இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

மூன்றாவது படி: ஒரு கிலோ ஜெர்க்கி, ஆரம்பத்திலிருந்து

மாட்டின் பின்தொடையில் கொழுப்பில்லாத பகுதி ஒரு கிலோ. ஓரத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கொழுப்பு, சவ்வு எல்லாவற்றையும் செதுக்கிவிடுங்கள். கொழுப்பு காயாது, சில வாரங்களில் சிக்கு வாடை அடிக்கும், கறி நன்றாக இருந்தாலும் அந்த வாடையால் தூக்கிப்போட வேண்டிவரும். கறியை ஃப்ரீசரில் ஒன்றரை மணி நேரம் போல வைத்தால் பாதி இறுகி, வெட்ட வசதியாக இருக்கும். தடிமன் 6 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். நாரின் போக்கில் வெட்டினால் இழுத்து மெல்ல வேண்டியதாக வரும், குறுக்கே வெட்டினால் சீக்கிரம் கடிபடும். என் பற்களுக்குக் குறுக்கு வெட்டுதான் சரி.

சோயா சாஸ் அரை கப், தண்ணீர் ஒரு கப், மிளகுத்தூள், பூண்டு, கொஞ்சம் வெல்லம் கலந்து கீற்றுகளை ஊறப்போட்டு ஃப்ரிட்ஜில் ஓர் இரவு. சமையல் மேடையில் ஊறவைக்காதீர்கள். காலையில் அந்த ஊறல் தண்ணீரோடு சேர்த்தே அடுப்பில் ஏற்றி, கொதி வந்ததும் 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். தடிமனான ஒரு துண்டை எடுத்து வெப்பமானியைக் குத்திப் பார்த்தால் 71 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும், கோழி என்றால் 74. கறி சாம்பல் நிறமாகிவிடும், பார்க்கச் சகிக்காது, காய்ந்த பின் சரியாகிவிடும்.

இந்தச் சூட்டை முதலிலேயே ஏன் கொடுக்க வேண்டும், காயவைக்கும் மின்பெட்டியான டிஹைட்ரேட்டர்தான் 60 டிகிரியில் மணிக்கணக்கில் ஓடப்போகிறதே என்று கேட்கலாம். ஈரமான கறியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது அது கறியைக் குளிர்விக்கிறது, மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல. பெட்டி 60 காட்டினாலும் கறி அந்தச் சூட்டுக்கு வர நெடுநேரமாகும். அது வருவதற்குள் கிருமியும் காய்ந்துவிடும், காய்ந்த கிருமியைச் சூட்டால் கொல்வது ஈரமான கிருமியைக் கொல்வதைவிடக் கடினம். அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் கொல்லுங்கள், அப்புறம் காயவையுங்கள். மறந்துபோய்ச் சூடில்லாமல் காயவைத்துவிட்டால் ஒரு பரிகாரம் இருக்கிறது: காய்ந்த கீற்றுகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் தட்டில் பரப்பி, 135 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கிய அவனில் 10 நிமிடம்.

வெந்த கீற்றுகளை வடித்து, சூடு ஆறும் முன்பே தட்டுகளில் இடைவெளி விட்டு அடுக்கி, 60 டிகிரியில் ஓடவிடுங்கள். 5 மணி நேரத்திலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம், தடிமனையும் அன்றைய காற்றையும் பொறுத்துப் பத்து மணி நேரம்கூட ஆகும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் மேல்தோல் கெட்டியாகி உள்ளிருக்கும் தண்ணீருக்கு வழியடைத்துவிடும். வெளியே கட்டை, உள்ளே ஈரம். அது மோசமான சங்கதி, ஏனென்றால் கையால் தொட்டுப் பார்த்தால் தெரியாது.

முடிந்ததா என்று பார்க்க இரண்டு வழி. ஒரு துண்டை வெளியே எடுத்து முழுக்க ஆறவிட்டு வளையுங்கள் (சூடாக இருக்கும்போது எதுவுமே மென்மையாகத்தான் தெரியும்). வளைகிற இடத்தில் வெடிப்பு விழ வேண்டும், வெள்ளை நார் தெரிய வேண்டும், ஆனால் இரண்டாக ஒடியக் கூடாது. வெடிக்காமல் ரப்பர் மாதிரி மடங்கினால் இன்னும் காயவில்லை, முறுக்கு மாதிரி ஒடிந்தால் அதிகம் காய்ந்துவிட்டது, கெடாது, மெல்ல முடியாது.

நான் அதிகம் நம்புவது தராசை. ஒரு கிலோ சுத்தமான கறியில் சுமார் 730 கிராம் தண்ணீர், 220 கிராம் புரதம். அமெரிக்காவில் ஜெர்க்கி என்று பெயர் போட, ஒரு பங்கு புரதத்துக்கு முக்கால் பங்கு தண்ணீர்தான் இருக்கலாம். 220இல் முக்கால் பங்கு 165. ஆக 565 கிராம் தண்ணீர் போயாக வேண்டும், மிச்சம் 435. கொதிக்கவைக்கும்போது கறியின் சாறு கொஞ்சம் போயிருக்கும், உப்பு கொஞ்சம் ஏறியிருக்கும், அதனால் நான் 400க்கு இறங்கும் வரை விடுவதில்லை. முதல் முறை 480இல் எடுத்துவிட்டேன். வளைத்துப் பார்த்தபோது வெடித்த மாதிரிதான் இருந்தது.

அதை இளஞ்சூட்டோடு ஜிப் பையில் போட்டு மூடியதுதான் அடுத்த தப்பு. ஒரு மணி நேரத்தில் பையின் உள்பக்கம் பனி படர்ந்தது, பார்த்தும் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது வாரம் இரண்டு துண்டுகள் ஒட்டியிருந்த இடத்தில் பச்சை நிறத்தில் பஞ்சு. முழுப் பையும் குப்பைக்குப் போனது. பைக்குள் ஒரு சொட்டு வியர்த்தாலும் திரும்ப டிஹைட்ரேட்டருக்கு அனுப்புங்கள். அது கறி உங்களுக்குச் சொல்லும் தகவல்.

நான்காவது படி: ஹாமை வீட்டில் செய்யலாமா?

குளிர்காலம் உள்ள ஊரில், இதற்கென்று தனி ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர் செய்யலாம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ தொடையை உப்புப் போட்டு மாடியில் தொங்கவிடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஏன் என்று சொல்கிறேன்.

கீற்றில் உப்பு ஓர் இரவில் ஊறிவிடும். தொடையில் அது ஊர்ந்துதான் போகும். கன்ட்ரி ஹாம் செய்பவர்கள் சொல்லும் கணக்கு, ஓர் அங்குலத் தடிமனுக்கு 7 நாள். 6 அங்குலத் தொடைக்கு 42 நாள். அந்த 42 நாளும் கறி 2 முதல் 4 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் உப்பு எலும்பை எட்டும் வரை நடுக்கறியைக் காப்பது குளிர் ஒன்றுதான். எலும்பை ஒட்டிய இடத்தில் காற்று கிடையாது, கொழுத்த ஈரம் உண்டு, பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயைத் தரும் கிருமிக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. வர்ஜீனியா, வட கரோலினா விவசாயிகள் பன்றியை டிசம்பர், ஜனவரியில் வெட்டியதெல்லாம் இதற்காகத்தான். உப்பு உள்ளே போய்ச் சேரவும் குளிர் முடியவும் சரியாக இருக்கும், அப்புறம் வரும் கோடை வெப்பம் ஹாமுக்கு வாசனை கொடுக்கும். நமக்குக் கோடை இருக்கிறது, அந்த ஜனவரி இல்லை.

நடு கெட்டுவிட்டதா என்பது வெளியிலிருந்து தெரியாது. பார்மாவில் குதிரை எலும்பில் செய்த மெல்லிய ஊசி வைத்திருப்பார்கள். தொடையில் குறிப்பிட்ட சில இடங்களில் குத்தி, உருவி, உடனே மூக்கில் வைப்பார்கள். அந்த எலும்பு வாசனையை நொடியில் பிடித்து, சீக்கிரம் விட்டுவிடுமாம், அதனால் அடுத்த குத்துக்குத் தயார். மூக்கைச் சுளித்தால் அந்தத் தொடை ஒதுக்கப்படும். பல மாதக் காத்திருப்புக்குப் பிறகு இது நடக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது படி: எங்கே, எத்தனை நாள்

ஜெர்க்கியிலிருந்து தொடங்குவோம். கம்பெனி ஜெர்க்கி, பிரிக்காத பாக்கெட், வெளியில் ஒரு வருடம். பிரித்தால் பாக்கெட்டின் பின்னால் போட்டிருப்பதைப் பாருங்கள், பெரும்பாலும் சில நாள்தான். வீட்டு ஜெர்க்கிக்கு அமெரிக்க வேளாண் துறை 1 முதல் 2 மாதம் என்கிறது, ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இருக்கும் வீட்டுப் பதப்படுத்தல் மையம் வெளியில் 2 வாரம்தான் என்கிறது. நான் இரண்டு வாரக் கட்சி. அதற்கு மேல் வேண்டுமானால் ஃப்ரிட்ஜ், இன்னும் நாள் வேண்டுமானால் ஃப்ரீசர்.

ஈரக்காற்று ஊர்களில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்து தண்ணீர் இழுத்துக் கசியத் தொடங்கும். கசியும் அந்த உப்பு ஜாடிதான் உங்கள் வீட்டு ஈரமானி. ஜாடி கசிகிற நாளில் திறந்து வைத்த ஜெர்க்கியும் அப்பளம் மாதிரி நமத்துக்கொண்டிருக்கும், நமத்தது பூஞ்சணத்துக்குத் தோதானது. சின்னச் சின்னப் பைகளாகப் போட்டு, ஒரு முறைக்கு ஒன்று பிரித்தால் பாதி பிரச்சினை தீர்ந்தது.

முழு கன்ட்ரி ஹாம், வெட்டாதது, வெளியில் ஒரு வருடம் வரை. பிளாஸ்டிக்கில் சுற்றாமல் துணிப்பையில் தொங்கவிட வேண்டும். கத்தி பட்டதும் கணக்கு மாறிவிடும். அதுவரை தோலும் காய்ந்த மேல்பரப்பும் கோட்டைச் சுவர் மாதிரி நின்றன, இப்போது 0.90 எண்ணுள்ள ஈரமான முகம் வெளியே தெரிகிறது, அதில் உங்கள் கையும் படுகிறது. மனிதத் தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் உப்பைக் கண்டு பயப்படாத கிருமி, 0.86 வரை பெருகக்கூடியது. ஆகவே வெட்டிய ஹாம் ஃப்ரிட்ஜுக்கு, 2 முதல் 3 மாதம். மெல்லிய தாள் மாதிரி சீவி பாக்கெட்டில் வரும் இத்தாலிய ஹாமான புரோஷூட்டோவைப் பிரித்தால் சில நாளில் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் வறண்டு ஓரம் கருத்துப்போகும். உப்பேறிய கறியை ஃப்ரீசரில் போட்டு மறக்காதீர்கள், உப்பு கொழுப்பை வேகமாகச் சிக்கு பிடிக்கவைக்கும், ஒரு மாதம் போதும்.

சூப்பர்மார்க்கெட் வெந்த ஹாம்: துண்டு போட்டது ஃப்ரிட்ஜில் 3 முதல் 5 நாள், முழுதாக இருந்தால் ஒரு வாரம். என்னுடையது ஒரு வாரத்தில் கொழகொழத்ததில் அதிசயமே இல்லை.

பூஞ்சணம் வந்தால் என்ன செய்வது என்பதிலும் இரண்டும் நேர் எதிர். முழு கன்ட்ரி ஹாமின் மேல் பூஞ்சணம் படர்வது சாதாரணம். சுடுதண்ணீரும் கட்டை பிரஷும் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சமைப்பார்கள். தடித்த கறி என்பதால் சேதம் மேலோடு நின்றுவிடும். ஜெர்க்கிக்கு மேல் என்றும் உள் என்றும் இல்லை, 3 மில்லிமீட்டர் கீற்றில் எதைச் செதுக்குவது? அப்படியே போடுங்கள். ஆனால் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் பதற வேண்டாம். ஜெர்க்கியின் மேல் சில நேரம் உப்பு பூக்கும், ஈர விரலால் தேய்த்தால் கரைந்துவிடும், பஞ்சு கரையாது. வெகுநாள் பதமான ஹாமைச் சீவும்போது உள்ளே நறநறவென்று வெள்ளைப் புள்ளிகள் தென்படும், அது புரதம் உடைந்து படிந்த டைரோசின் படிகம், நல்ல வயதுக்கு அடையாளம்.

கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் சூடாகிவிட்டால், ஜெர்க்கியைப் பற்றியும் வெட்டாத கன்ட்ரி ஹாமைப் பற்றியும் நினைக்கவே வேண்டாம். வெட்டிய கன்ட்ரி ஹாம் ஓரிரு மணி நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது. வெந்த ஹாமும் கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் 4 மணி நேரம் வரை தாங்கும், அதற்கு மேல் போனால் மோந்துகூடப் பார்க்காதீர்கள், போட்டுவிடுங்கள்.